சொல்லடைவு பெருத்துவிட்டது, எங்கே வெட்டுவது?

வணக்கம். அடுத்த மாதம் ஜிசிஐஎச் இணையப் பாதுகாப்புத் தேர்வு எழுதுகிறேன். அச்சிட்ட புத்தகம், குறிப்பு எல்லாம் கொண்டுபோகலாம். ஆனால் 4 மணி நேரத்தில் 106 கேள்விகள். ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம்தான்.

பாடங்களை 60 பக்கக் குறிப்பாகச் சுருக்கி, எக்செலில் சொல், பக்க எண், ஒருவரி விளக்கம் என்று ஆங்கில அகர வரிசையில் சொல்லடைவு போட்டேன். மாதிரித் தேர்வில் அது காலை வாரிவிட்டது. கடவுச்சொல்லை உடைக்காமலே அதன் ஹாஷை வைத்து உள்நுழையும் தாக்குதல் பற்றி ஒரு கேள்வி. ‘ஹாஷ்’, ‘விண்டோஸ்’ இரண்டிலும் தேடினேன், இல்லை. ‘பாஸ் தி ஹாஷ்’ என்று ‘பி’ எழுத்தின்கீழ் ஒளிந்திருந்தது. ஒரு நிமிடம் போயிற்று.

அதனால் ஒவ்வொன்றையும் மூன்று சொற்களின்கீழ் சேர்த்தேன். 400 வரிகள் 1,200 ஆகி, இப்போது புரட்டவே நேரமாகிறது. ‘காண்க’ என்று போட்டால் இரண்டு முறை புரட்ட வேண்டும், அது எனக்குப் பிடிக்கவில்லை. (குறிப்பில் இனி கைவைக்க மாட்டேன், ஒரு பத்தி சேர்த்ததில் பக்க எண்களெல்லாம் தள்ளிப்போயின. புதிதாக வந்தால் 23அ என்று தாள் செருகுவேன்.)

எழுதியவர்கள் சொல்லுங்கள்: எந்தச் சொற்களுக்கு மட்டும் இரட்டைப் பதிவு வைத்தீர்கள்? கருவிகளின் பெயர்களைத் தனிப் பட்டியலாகப் பிரித்தீர்களா?