குறைந்த வேரியன்ஸ் புள்ளி மேகத்துக்கு வெளியே விழுகிறது, எங்கே தப்பு?

மலைத்தேன்: ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக வரும் கலவையைக் கண்டுபிடிக்க, பயிற்சிக்காக மூன்று சொத்துகள் எடுத்தேன். லார்ஜ்கேப் (ஆண்டு ஏற்ற இறக்கம் 18%), மிட்கேப் (24%), தங்கம் (15%). முதல் இரண்டுக்கும் ஒட்டுறவு 0.9. தங்கத்துக்கு இரண்டோடும் 0 என்று வைத்துக்கொண்டேன்.

```python
import numpy as np
S = np.array([[0.0324, 0.03888, 0],
              [0.03888, 0.0576, 0],
              [0, 0, 0.0225]])
x = np.linalg.solve(S, np.ones(3))
w = x / x.sum()
```

வந்த எடை: 66.9%, −23.1%, 56.3%. ஏற்ற இறக்கம் 11.25%. ஆனால் தற்போக்காக எடை போட்டு வரைந்த 5000 புள்ளிகளில் இடது ஓரமே 11.5% பக்கம்தான் நிற்கிறது. மிட்கேப்புக்கு மைனஸ் எப்படி வரும்? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

ஆத்தங்கரை: மைனஸை 0 ஆக்கிவிட்டு, மற்ற இரண்டையும் அவற்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 54.3%, 45.7% வரும். முடிந்தது.

பழைய லெட்ஜர்: தம்பி, கணக்கு சரிதான். இரண்டு படமும் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. உங்கள் 5000 புள்ளிகளிலும் எடை எல்லாம் பிளஸ். மேட்ரிக்ஸுக்கோ கூட்டுத்தொகை 1 என்ற ஒரே நிபந்தனைதான், ஷார்ட் போவதை, அதாவது கையில் இல்லாததை விற்பதை, யாரும் தடுக்கவில்லை. இங்கே 18/24 = 0.75. ஒட்டுறவு அதைத் தாண்டி 0.9 இருப்பதால், மிட்கேப்பை விற்றால் லார்ஜ்கேப்பின் ஆட்டம் அடங்குகிறது.

ஆத்தங்கரை சொன்னபடி ஷார்ட்டைத் தடுக்கலாம், ஆனால் அந்த எடை சரியில்லை. `S @ w` போட்டுப் பாருங்கள்: லார்ஜ்கேப்புக்கு 0.0176, தங்கத்துக்கு 0.0103. கையில் வைத்திருக்கும் சொத்துகளுக்கு இந்த எண் சமமாக வந்தால்தான் அது குறைந்த புள்ளி. மிட்கேப்பை நீக்கி மறுபடி தீர்த்தால் 41%, 59%, இரண்டுக்கும் 0.0133. மிட்கேப்புக்கு 0.0159, அதிகம், அதனால் சேர்க்க வேண்டாம். ஏற்ற இறக்கம் 11.52%. அவர் வழியில் 11.94%.

நெல்லிக்காய்: எனக்கும் இதே பிரச்சினை! எடை ஆயிரக்கணக்கில் வருகிறது. ஒரே ஃபண்டின் டைரக்ட், ரெகுலர் இரண்டையும் போட்டேன்.

பழைய லெட்ஜர்: அது வேறு நோய். அந்த இரண்டும் ஒட்டுறவு கிட்டத்தட்ட 1. மேட்ரிக்ஸ் தலைகீழாக்க முடியாத நிலைக்குப் போய்விடும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

மலைத்தேன்: நன்றி அண்ணா, புள்ளி சரியாக உட்கார்ந்தது. ஒவ்வொரு வருமானத்துக்கும் குறைந்த ஏற்ற இறக்கம் தரும் முழு ஃப்ரான்டியருக்கும், எதிர்பார்க்கும் வருமானங்களை `mu` என்று வைத்து `np.linalg.solve(S, mu)` போட்டு, அதன் கூட்டுத்தொகையால் வகுத்து இன்னொரு போர்ட்ஃபோலியோ எடுத்து, இரண்டையும் கலந்தால் போதுமா?

பழைய லெட்ஜர்: ஷார்ட் அனுமதித்தால் போதும். தடுத்தால் அந்தக் கலவை உதவாது. ஒவ்வொரு இலக்கு வருமானத்துக்கும் ஆப்டிமைசர் ஓட்ட வேண்டும்.

மலைத்தேன்: அப்புறம் ஒன்று. வேறு கால அளவு எடுத்தால் ஒட்டுறவு 0.7 ஆகிறது. மிட்கேப் எடை +3% ஆகிவிடுகிறது. எதை நம்ப?

பழைய லெட்ஜர்: 0.7-க்கும் ஏற்ற இறக்கம் 11.51%தான், 41/59 தந்த 11.52%-இலிருந்து கிட்டத்தட்ட நகரவே இல்லை. ஷார்ட்டைத் தடுத்தால் குறைந்த புள்ளிக்கு எதுவானாலும் சரி. ஃப்ரான்டியரின் மேல் பாதிக்கு எது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து போடுங்கள், பார்ப்போம்.