புதுப்பிப்பு: சிங்க் வேஸ்ட் கப்ளிங் கசிவு

முன்பு நான் இங்கே கேட்டது: “ஸ்டீல் சிங்க்கில் வேஸ்ட் கப்ளிங் மாற்றினேன். நட்டை எவ்வளவு இறுக்கியும் கீழே சொட்டுகிறது. ரப்பர் வாஷர் போதாதா, பிளம்பர் புட்டியும் வைக்கணுமா?”

இரண்டு நாளாகச் சொட்டு இல்லை. பிளம்பர் அண்ணன் ஒருவர் கேட்ட கேள்விதான் வழி காட்டியது: “நட்டை இறுக்கும்போது மேலே சல்லடையும் சேர்ந்து சுற்றுதா?” சுற்றியது. அதனால் அடி ரப்பர் முறுக்கி ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. ரப்பருக்கும் நட்டுக்கும் நடுவே வர வேண்டிய வழுக்கு வாஷரை நான் போடவே இல்லை.

கழற்றி, விளிம்பில் ஒட்டியிருந்த பழைய வெள்ளை சிமென்ட்டைச் சுரண்டினேன். மேல் விளிம்புக்கடியில் பென்சில் தடிமனில் புட்டி. கீழே ரப்பர், வழுக்கு வாஷர், நட்டு. மனைவி மேலே பிடித்துக்கொள்ள, நான் நட்டை மட்டும் திருகினேன்.

சிங்க் துளையை மூடி, நீர் நிரப்பி, அரை மணி கழித்து அடியில் டிஷ்யூ வைத்தேன். ஈரமில்லை.

எல்லா இடத்திலும் சிலிக்கோன் சீலன்ட் பூசுங்கள் என்றார் ஒருவர். கசிவு நிற்கும்தான், ஆனால் அடுத்த முறை கழற்றுவது கஷ்டம். கிரானைட் சிங்க் பற்றிக் கேட்ட அக்கா, சாதா புட்டியின் எண்ணெய் கல்லில் கறையாகலாம். உங்கள் கசிவு கப்ளிங்கிலா, பைப் இணைப்பிலா?