31 சதவீதம்னா நூத்துக்கு 31 பேரா? பேஷன்ட்டுக்குப் புரியவைத்த அனுபவங்களைச் சொல்லுங்க

தண்டையார்பேட்டை டாக்டர்:
கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். லோடு வேன் ஓட்டுறவர், போன்ல ஒரு வீடியோவைக் காட்டினார். "இன்னா டாக்டர், அட்டாக் 31 சதவீதம் கொறையுதாம். நூத்துக்கு 31 பேரு தப்பிச்சிக்கிறாங்களா?"

அந்த 31, 1995ல வந்த ஸ்காட்லாந்து ஆய்வோட கணக்கு. அதுவரை மாரடைப்பே வராத, கொலஸ்ட்ரால் அதிகமா இருந்த 45-64 வயசு ஆம்பளைங்க 6,595 பேர். பாதிப் பேருக்கு பிரவாஸ்டாடின்ங்கிற கொழுப்பு மாத்திரை, மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. சுமார் 5 வருஷம்.

கட்டம் போட்ட நோட்டுல 1000 கட்டத்தைச் சுத்திக் கோடு போட்டேன். டம்மி சாப்பிட்டவங்கள்ல ஆயிரத்துக்கு 79 பேருக்கு அட்டாக் வந்துச்சு, இல்ல இதய நோயால இறந்தாங்க. 79 கட்டத்தையும் கறுப்பாக்கினேன். மருந்து சாப்பிட்டவங்கள்ல அது 55. அதனால 24 கட்டத்து மேல சிவப்புப் பேனாவால அடிச்சேன். 79ல 24 போனதைத்தான் சுமார் 31 சதவீதம்னு சொல்றாங்க.

வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துட்டு, "இவங்களுக்கு மாத்திரை இல்லாமலே ஒண்ணும் ஆவலியே"ன்னார். பிடிச்சுட்டார் பாருங்க!

பயோஸ்டாட் மாணவன்:
அப்ப அந்த 31 சதவீதத்தையே சொல்லக் கூடாது. அந்த ஆய்வுல 31க்குக் கொடுத்த கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் 17லேருந்து 43 சதவீதம். "உங்களுக்குக் குறைஞ்சது 17, அதிகபட்சம் 43 சதவீதம் பலன்"னு முடிச்சிடலாம்.

தண்டையார்பேட்டை டாக்டர்:
அப்படிச் சொன்னா அடுத்த நிமிஷமே "நான் 17ஆ, 43ஆ?"ன்னு கேப்பாங்க தம்பி. அது தனி ஆளுக்கான அளவே இல்ல, மொத்தக் கூட்டத்தோட சராசரிக்கு. இத்தனை பேரைப் பார்த்ததுல சராசரி எங்கெங்க இருக்க வாய்ப்புன்னு அது காட்டுது. அந்த 17 சதவீதமும் 43 சதவீதமும் 79ல எத்தனைன்னு நான் கட்டத்துலயே காட்டுவேன்: "24ன்னேன், அது 13ஆவும் இருக்கலாம், 34ஆவும் இருக்கலாம்."

சதவீதத்தையும் தூக்கிப் போட முடியாது. சுகரும் பீடியும் சேர்ந்த ஒருத்தருக்கு ஆயிரத்துக்கு 79 இல்ல, 200ன்னு வைங்க. அதே 31 சதவீதம் அங்கயும் பொருந்தினா 62 பேர் தப்பிப்பாங்க.

ராயபுரம் வாசி:
எங்க அம்மாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. ஆயிரத்துக்கு 24 பேருக்குத்தான் பலன்னா, நிறுத்திடலாமா?

தண்டையார்பேட்டை டாக்டர்:
வேணாம்மா! இது மாரடைப்பு வராத ஆம்பளைங்களோட கணக்கு, பொம்பளைங்களே அதுல இல்ல. ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு ஆபத்து ரொம்ப அதிகம். அவங்க டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க.

வியாசர்பாடி நர்ஸ்:
கட்டம் சரிதான் சார். ஆனா "13லேருந்து 34"ன்னதும், "டாக்டருக்கே தெரியல"ன்னு வெளிய வந்து சொல்றாங்க. நான் 24ஓட நிறுத்திடுறேன்.

தண்டையார்பேட்டை டாக்டர்:
கேட்டா சொல்லுங்க சிஸ்டர். கேக்காதவங்களுக்குச் சொல்லணுமான்னு எனக்கும் இன்னும் முடிவா தெரியல.