பணம் கழிந்தது, சீட்டு வரவில்லை: தட்கல் விளக்கக் காணொளியும் நம் அனுபவங்களும்

தக்கலையிலிருந்து ஒருவர்: நாகர்கோவில் சந்திப்பின் நடைமேடைக் காட்சியோடு தொடங்கி, கைபேசித் திரைப்பதிவுகளால் தட்கல் முன்பதிவைச் சொல்லித் தரும் காணொளியை நம் பக்கத்தில் பலரும் பகிர்ந்து வருகிறார்கள். குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, படுக்கை வகுப்புக்கு 11 மணி என்பதெல்லாம் தெளிவாகவே உள்ளது. ஆனால் பணம் கழிந்தபின் பக்கம் நின்றுபோனால் "மீண்டும் முயலுங்கள்" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். என் மைத்துனர் அப்படியே செய்தார். எழும்பூர் செல்லும் கன்னியாகுமரி விரைவு வண்டியில் பதிவு செய்தபோது யு.பி.ஐ.யில் பணம் கழிந்தது. திரை சுழன்றுகொண்டே இருந்து முகப்புக்குத் திரும்பியது. அவர் உடனே மறுபடி பணம் கட்டினார். சற்று நேரத்தில் இரண்டு பி.என்.ஆர். எண்கள் குறுஞ்செய்தியில் வந்தன, இரண்டும் உறுதியான இடங்கள். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதால், ஒரு சீட்டின் தொகை முழுவதும் போயிற்று.

குழித்துறையிலிருந்து ஒருவர்: அண்ணே, பணம் போனால் அதைத் திரும்பக் கேட்டு டி.டி.ஆர். விண்ணப்பம் போட்டுவிடலாமே. வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நான் பயணிக்காதபோது எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

முன்பதிவு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்: தம்பி சொல்வது பாதிதான் சரி. டி.டி.ஆர். போடுவதற்குப் பி.என்.ஆர். எண் வேண்டும், சீட்டே உருவாகாதபோது அதற்கு இடமில்லை, பணம் கழிந்த கணக்குக்கே தானாகத் திரும்பிவிடும். எனவே முதலில் அறிய வேண்டியது சீட்டு உருவானதா என்பதே. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் `My Transactions` பகுதிக்குள் `Booked Ticket History` பக்கத்தைத் திறந்து பாருங்கள். சீட்டு அங்கே இருந்தால் வேலை முடிந்தது, மறுபடி பணம் கட்ட வேண்டாம். அங்கே இல்லாமல் `Failed Transaction History` பக்கத்தில் இருந்தால் அது தோல்வியடைந்த முயற்சி. வங்கியின் குறுஞ்செய்தி பணம் போனதற்கு மட்டுமே சான்று, சீட்டுக்கு அல்ல. காணொளியில் இந்த இரண்டு பக்கங்களின் திரைப்பதிவையும் அருகருகே காட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரணியலிலிருந்து ஒருவர்: பணச் சிக்கல் எனக்கு நேர்ந்ததில்லை. ஆனால் அதே காணொளியில் 'நாகர்கோவில்' என்று தட்டச்சு செய்து முதலில் வருவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அங்கே இரண்டு நிலையங்கள்: சந்திப்பின் குறியீடு NCJ, டவுனுடையது NJT. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சில வண்டிகள் சந்திப்புக்கு வராமல் டவுன் வழியாகவே போய்விடுகின்றன. என் அத்தை சந்திப்பில் காத்திருந்து வண்டியைத் தவறவிட்டார்.

தக்கலையிலிருந்து, மீண்டும்: ஐயா சொன்னதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்குள் தட்கல் இடங்கள் தீர்ந்துவிடுகின்றனவே?

ஓய்வு பெற்றவர்: அது உண்மைதான். தனியாள் பயணம் என்றால் பார்த்துவிட்டே கட்டுங்கள் என்பேன். மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்வோரிடம் அதையே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.