அரிசிப் பையோடு குளக்கட்டில் நடந்து கை தூக்க முடியாமல் போன கதை

கட்டு நடையன்: எனக்கு வயது 44, எடை 71 கிலோ. இரணைமடுக் குளக்கட்டில் விடிய ஐந்தரைக்கு நடப்பவன். இரண்டு வருடம் நடந்தும் வயிறு இறங்கவில்லை. முதுகில் பாரம் வைத்து நடந்தால் அதே தூரத்தில் கூட வேலை நடக்கும் என்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்தேன். மகனின் பழைய புத்தகப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பைக்கற்று இரண்டு வைத்துத் தொடங்கினேன். மூன்றாம் கிழமை இன்னொன்று சேர்த்து 15 கிலோ ஆக்கினேன். தினமும் ஒரு மணித்தியாலம்.

ஐந்தாம் கிழமை ஒரு நாள் வீட்டுக்கு வந்து, சுவர் ஆணியில் தொங்கிய சேட்டை எடுக்கக் கையை உயர்த்தினால் வலது கை தோளுக்கு மேலே போகவே இல்லை. நோவும் இல்லை, அதுதான் பயம். தோளின் வெளிப்பக்கம் விறைப்பு. பாரிசவாதம் என்று நினைத்து மனைவி அழத் தொடங்கிவிட்டாள். வாய் கோணவில்லை, பேச்சும் சரி, ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் கையைப் பிடித்து இறுக்கச் சொன்னார். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. தூக்கவும் முழங்கையை மடக்கவும்தான் பலமில்லை. "என்ன சுமக்கிறனீர்?" என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டு, பிறகு ஏசினார். கழுத்தடியில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். கை முழுதாகத் திரும்ப மூன்று மாதம் பிடித்தது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

மாங்குளம் தம்பி: அண்ணை, பையிலே பிழையில்லை, பழக்கம் இல்லாததுதான் பிழை. நெல் மூட்டை தூக்கிய அப்பாமார் யாருக்குக் கை போனது? நான் 20 கிலோவோடு ஏ9 ஓரமாக நடக்கிறேன். வியர்வை கொட்டுகிறது, கொழுப்பு கரைகிறது.

வார்ட் அக்கா: தம்பி, பழக்கம் வேண்டும் என்றது சரி. மற்றது சரியில்லை. மூட்டை தூக்குகிறவர் லொறியிலிருந்து களஞ்சியத்துக்குப் போய் இறக்கிவிட்டு வெறுந்தோளோடு திரும்புகிறார். பையோ ஒரு மணித்தியாலம் அதே இடத்தை அமத்திக்கொண்டே இருக்கும். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் காறை எலும்புக்குக் கீழால் இறங்குகின்றன. ஒடுங்கிய பட்டி தோளைக் கீழே இழுத்து அந்த இடத்தைத்தான் நசிக்கிறது. வியர்வையும் நம்ம ஊர் வெயிலுக்கு வருவது, அதில் போவது தண்ணீர். உடல் எடையில் பத்திலொரு பங்கைச் சுமந்தால் செலவாகிற சக்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். வயிறு கரைந்து போகிற அளவுக்கு இல்லை.

கட்டு நடையன் அண்ணை, உங்கள் பையில் அரிசி அடியில் போய் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் பை பின்னுக்கு இழுக்கும், பட்டி இன்னும் வெட்டும். இடுப்புப் பட்டி இருந்ததா?

கட்டு நடையன்: பள்ளிக்கூடப் பையில் ஏது அக்கா இடுப்புப் பட்டி. முதல் கிழமைகளில் நடக்கும்போதே விரல் நுனி மெல்லக் கூசியது. பையைக் கழற்றினால் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

வார்ட் அக்கா: அதுதான் முதல் மணி. கூச்சம் வந்தால் அந்த இடத்திலேயே பையை இறக்க வேண்டும். இறக்கியும் சில நிமிடத்தில் போகாவிட்டால், அல்லது தூக்கப் பலம் குறைந்தால் டொக்டரிடம் போங்கள். திடீரென்று கை விழுந்தால் "பையால்தான்" என்று நீங்களாக முடிவெடுக்கக் கூடாது. நீங்கள் ஓடிப் போனது நல்லது.

71 கிலோ ஆளுக்கு மூன்றரை, நாலு கிலோவோடு தொடங்கலாம். கிழமையில் இரண்டு நாள், அரை மணித்தியாலம் போதும். அடியில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அரிசியைச் சேலைத் துண்டில் சுற்றி அதற்கு மேலே, தோள்பட்டைகளுக்கு நடுவில் முதுகோடு ஒட்டி வையுங்கள். அப்புறம் ஒரு கிழமையில் பாரத்தைக் கூட்டினால் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

ஐந்தாம் வகுப்பு அம்மா: என் மகள் புலமைப்பரிசில் எழுதுகிறவள். அவளின் பையைத் தூக்க எனக்கே ஏலாது. அவளுக்கும் நரம்பு நசியுமா?

வார்ட் அக்கா: இங்கே பேசுவது பெரியவர்கள் வேண்டுமென்று சுமப்பதைப் பற்றி, தங்கச்சி. ஆனால் பட்டி இரண்டையும் இரண்டு தோளிலும் போடச் சொல்லுங்கள், நீளத்தைக் குறையுங்கள். தேவையில்லாத கொப்பிகளை வீட்டில் வைக்கலாம். கை விறைக்கிறது என்றால் காட்டுங்கள்.

முறிகண்டியான்: எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் காலோடு தினம் மூன்று கிலோமீற்றர் நடக்கிறேன். போன வருடம் ஆறு கிலோ பையோடு முயன்று பார்த்தேன். நாலாம் நாள் காலைக் கழற்றினால் கட்டையின் நுனியில் சிவப்பு. வழமையாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மாறும், அன்று மாறவில்லை. மறுநாள் கொப்புளம். இரண்டு கிழமை கால் போடாமல் ஊன்றுகோலோடு இருந்தேன். கால் செய்து தருகிறவர் ஏசிய ஏச்சு வேறு. "உன் எடைக்கு அச்செடுத்த செயற்கைக் காலின் கிண்ணத்தில் ஆறு கிலோவைக் கூட்டினால் தோல் என்ன செய்யும்" என்றார். கிறவல் வீதியில் சறுக்கினால் சமாளிப்பதும் கஷ்டம். இப்போது பாரமில்லாமல் நாலு கிலோமீற்றர் நடக்கிறேன். சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்களுக்கும் இதே கதைதான் என்று அவர் சொன்னார், புண் வந்தாலே தெரியாதாம்.

புதுக்குடியிருப்பு மகள்: எனக்கு நாரியில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஷெல் துண்டு இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று அப்போது விட்டுவிட்டார்கள். சும்மா நடந்தால் ஒன்றும் இல்லை. நாலு கிலோ சுமக்கலாமா?

வார்ட் அக்கா: இதற்கு நான் ஆம், இல்லை சொல்ல மாட்டேன். துண்டு எங்கே நிற்கிறது என்பதைப் படத்தில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். அதுவரை வெறுங்கையோடு நடங்கள். கால் விறைத்தால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

மூன்று பிள்ளைக்காரி: அண்ணா கனடாவிலிருந்து பாரம் வைத்த சட்டை ஒன்று கொண்டுவந்தார், எட்டுக் கிலோ. எல்லாம் தோளிலும் நெஞ்சிலும்தான் தொங்கும். சோளகக் காற்றடிக்கிற காலத்திலும் உள்ளே அவிந்துபோனேன். அது பரவாயில்லை. இரண்டாம் நாள் அடிவயிறு கீழே இறங்குகிற மாதிரி ஒரு இழுவை. கடைசிப் பிள்ளைக்குப் பிறகு கருப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் மறந்துவிட்டேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

வார்ட் அக்கா: நல்லவேளை நிறுத்தினீர்கள். கருப்பை இறங்கியவர்கள், வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள், பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆனவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கட்டுப்படாத பிரஷர், நடந்தால் நெஞ்சை அடைக்கிறவர்கள், முள்ளந்தண்டு எலும்பு நொறுங்கியவர்களும் அப்படித்தான்.

மாங்குளம் தம்பி: அம்மாவுக்கு எலும்பு தேய்மானம். பாரம் சுமந்தால் எலும்பு பலப்படும் என்று படித்தேனே?

வார்ட் அக்கா: அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படிப் பலன் தெரியவில்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள். அம்மாவின் உயரம் குறைந்திருக்கிறதா, முதுகு கூனியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பையைக் கொடுக்காதீர்கள். உங்கள் எடை என்ன?

மாங்குளம் தம்பி: 58.

முறிகண்டியான்: 58-க்கு 20ஆ! உன்னில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஓடுகிற வீதியோரத்தில் நடக்கிறாய் தம்பி.

கட்டு நடையன்: நான் போன மாதம் திரும்பத் தொடங்கினேன். அரிசி இல்லை, இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. களைத்தால் குளக்கட்டிலேயே ஊற்றிவிட்டு வரலாம். வவுனியாவில் இடுப்புப் பட்டி உள்ள பழைய பை ஒன்று எடுத்தேன். பட்டியை இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கினால் தோளில் பாரம் கிட்டத்தட்ட இல்லாத மாதிரி. வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது.

மாங்குளம் தம்பி: சரி, நாளைக்குப் பத்துக்கு இறக்குகிறேன்.

வார்ட் அக்கா: ஆறுக்கு.

மாங்குளம் தம்பி: எட்டு. விரல் கூசினால் எழுதுகிறேன்.