‘டெட் போர்ட்’ என்பதற்கு அலுவலகத்தார் சொல்லக்கூடிய தமிழ்ச் சொல் எது?

சுபாஷினி, மட்டக்களப்பு

அனைவருக்கும் வணக்கம். முகாமைத்துவ உதவியாளர்களுக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கும் அரைநாள் பயிற்சி ஒன்றைத் தயாரிக்கிறேன். மேசைக் கணினிக்கு வலையமைப்பு வரவில்லையென்றால், தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைக்குமுன் அவர்களே எதையெதைப் பார்க்கலாம் என்பதுதான் பாடம்.

குறிப்பில் ‘டெட் போர்ட்’ என்பதைச் ‘செயலிழந்த துறை’ என்று எழுதினேன். மனம் ஒப்பவில்லை. செயலிழந்துவிட்டதா இல்லையா என்பது மேசையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிவது ஒன்றுதான்: வயரைச் செருகியும் எதுவும் நடக்கவில்லை. அதை மட்டும் சொல்லும் சொல் வேண்டும்.

தவராசா, களுவாஞ்சிக்குடி

தங்கச்சி, ‘துறை’யை விட்டுவிடாதீர்கள். தோணி வந்து அணையும் இடம் துறை. துறைநீலாவணை என்று ஊருக்கே பெயர் வைத்தவர்கள் நாங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பிரிவையும் துறை என்பதால் அங்கே குழப்பம் வரலாம். இங்கே அது திணைக்களம், எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ‘செயலிழந்த’ நீளம் என்றால் ‘ஊமைத் துறை’ என்று வையுங்கள். வகுப்பில் ஒருமுறை சொன்னால் மறக்க மாட்டார்கள்.

நிரோஷன், அக்கரைப்பற்று

துறை பிரச்சினை என்றால் முதலில் தீச்சுவரைப் பாருங்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒரு பக்கம் திறக்காமல் பல நாள் அவதிப்பட்டோம். கடைசியில் 8443ஆம் துறையை மூடி வைத்திருந்தார்கள். அதைத் திறந்ததும் சரியாகிவிட்டது. இதையும் பாடத்தில் சேர்த்தால் நல்லது.

பிரேமா, திருக்கோவில்

நிரோஷன் சொல்வது வேறு விடயம். அக்கா கேட்பது வயர் செருகும் துளையைப் பற்றி. பயிற்சிக்கு இரண்டு படிகளே போதும் என்பது என் கருத்து. சுவரில் உள்ள துளையில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் வயரை அடுத்த மேசையின் துளையில் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்தால் இங்கே துளை பழுது.

‘ஊமை’ வேண்டாம் மாஸ்டர். பேச முடியாத பிள்ளைகளின் பெற்றோரும் அந்த வகுப்பில் இருப்பார்கள்.

றமீஸ், கல்முனை

இந்த வேலையிலேயே நாளைக் கழிப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பிரேமா, சுவர்ப் பெட்டியில் பொதுவாக விளக்கே இருக்காது. அது வெறும் செருகிடம். விளக்கு இருப்பது கணினியின் பின்புறம், வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில். கணினி ஓடும்போது அது எரிந்தால், மறுமுனையில் ஏதோ ஒரு கருவி பதில் தருகிறது என்று பொருள். எரியாவிட்டால் பதில் இல்லை. சில மடிக்கணினிகளில் அந்த விளக்கும் இல்லை. அங்கே கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்:

```
ipconfig
```

வயர் இணைப்புக்கான பகுதியில் `Media disconnected` என்று வந்தால், விளக்கு எரியாததும் அதுவும் ஒன்றே.

அடுத்த மேசைத் துளையில் செருகிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தாது. சில இடங்களில், எல்லா மேசை வயர்களும் போய்ச் சேரும் கருவியான சுவிட்சின் ஒவ்வொரு வாயிலும் அதற்குரிய கணினியை மட்டுமே ஏற்கும்படி அமைத்திருப்பார்கள். வேறு கணினி வந்து செருகினால் அந்த வாயில் தானாக மூடிக்கொள்ளும். பெரும்பாலும் பொறுப்பானவர் வந்து திறக்கும்வரை அப்படியே கிடக்கும். வேலை செய்யாத மேசை ஒன்று என்றிருந்தது இரண்டாகிவிடும்.

அதற்குப் பதிலாக வயரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து மேசைக்காரர் தன் வேலையைச் சேமித்தபின், அவருடைய வயரை இரண்டு முனையிலும் கழற்றி வந்து, உங்கள் கணினிக்கும் உங்கள் சுவர்த் துளைக்கும் இடையில் போட வேண்டும். விளக்கு எரிந்தால் உங்கள் வயர்தான் பழுது. எரியாவிட்டால் உங்கள் வயரைக் குறை சொல்ல முடியாது. அதற்கும் முன்பு செருகியைப் பாருங்கள். அதன் மேலே ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு உண்டு. சரியாக அமர்ந்தால் ‘டிக்’ என்று கேட்கும். நாக்கு உடைந்த வயர் உள்ளே இருப்பதுபோலவே தெரியும், மெதுவாக இழுத்தால் கையோடு வந்துவிடும். நான் பார்க்கும் அழைப்புகளில் அடிக்கடி வருவது இதுதான்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் மேசைகளை இடம் மாற்றினார்கள். புதிய இடத்தில் அமர்ந்த உத்தியோகத்தரின் கணினியில் விளக்கு எரியவில்லை. நாக்கைப் பார்த்தார், சரி. பக்கத்து மேசை வயரைப் போட்டார், அப்போதும் எரியவில்லை. அவருடைய வயரைப் பக்கத்து மேசைக்காரரின் கணினியில் போட்டபோது எரிந்தது. எனக்குத் தொலைபேசியில் இவ்வளவுதான் சொன்னார்: “சுவரில் பி-17 என்று ஒட்டியிருக்கிறது. வயர் நல்லது. விளக்கு இல்லை. மற்ற எல்லோருக்கும் வேலை செய்கிறது.” போய்ச் சுவிட்ச் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். 17ஆம் இலக்கத்திலிருந்து சுவிட்சுக்கு வயரே போடப்படவில்லை. அந்த மூலையில் முன்பு யாரும் இருந்ததில்லை. ஒரு சிறு வயரைப் போட்டதும் முடிந்தது.

அந்தத் துளை சாகவுமில்லை, செயலிழக்கவுமில்லை. அதை யாரும் இணைக்கவில்லை, அவ்வளவுதான். சுபாஷினி தேடும் சொல் காரணத்தைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

தவராசா

றமீஸ் தம்பி சொன்னதை ஏற்கிறேன். பிரேமா சொன்னதும் சரி, ‘ஊமை’யை விட்டுவிடுகிறேன். நிரோஷன் தம்பி 8443 என்று போனதைப் பார்த்தபின் ‘துறை’யிலும் எனக்குத் தயக்கம் வந்துவிட்டது. எண்ணுள்ள துறை வேறு, கையால் தொடும் துளை வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் இந்தக் குழப்பம் தொடரும். செருகியை ஏற்கும் இடத்துக்குக் ‘குதை’ என்ற சொல் இருக்கிறதே. அம்பை நாணில் பொருத்தும் இடமும் குதைதான். எழுதுங்கள்: ‘பேசாக் குதை’. “பி-17 குதை பேசவில்லை” என்று தொலைபேசியில் சொல்ல நாக்கு இடறாது.

நிரோஷன்

கேள்வியை இப்போது புரிந்துகொண்டேன். எங்கள் மேசைகளில் வயர் முதலில் தொலைபேசிக்குப் போய், அங்கிருந்து கணினிக்கு வருகிறது. தொலைபேசியின் மின் இணைப்புக் கழன்றால் கணினியும் நின்றுவிடுகிறது. அப்போது குதை பேசவில்லை என்பதா?

றமீஸ்

அங்கே தொலைபேசித் திரையை முதலில் பார்க்க வேண்டும். அது இருண்டிருந்தால் குதையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அதேபோல, வரிசையில் உள்ள எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் எந்த வயரையும் தொடாமல் உடனே அழைக்கச் சொல்லுங்கள். அது சுவிட்ச், அல்லது அதன் மின்சாரம். சும்மா கிடக்கும் வயரின் இரண்டு முனைகளையும் இரண்டு சுவர்க் குதைகளில் செருகிவைக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். பாதுகாப்பு அமைக்காத சுவிட்சில் தரவு சுற்றிச் சுற்றி ஓடி, மாடி முழுவதும் முடங்கிவிடும்.

இன்னொன்று சொல்லாமல் விட்டேன். விளக்கு எரிகிறது, ஆனால் `ipconfig` காட்டும் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. முகவரி வழங்கும் சேவையிடமிருந்து எதுவும் கிடைக்காததால் கணினி தானே போட்டுக்கொண்ட முகவரி அது. வேறு காரணங்களும் உண்டு என்றாலும் வயர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதைப் பேசாக் குதை என்று சொல்லிவிட்டால் நான் தவறான இடத்தில் தேடத் தொடங்குவேன்.

பிரேமா

ஆனால் வேலை செய்பவருக்கு இரண்டும் ஒன்றுதானே, காக்கா? இரண்டிலும் பக்கம் திறக்காது. இரண்டு பெயர் கொடுத்தால் எதைச் சொல்வது என்று தெரியாமல் திரும்பவும் “நெட் இல்லை” என்றுதான் சொல்வார்கள்.

சுபாஷினி

பெயரை விளக்கோடு கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். விளக்கு எரியாவிட்டால் மட்டும் ‘பேசாக் குதை’. எரிந்தும் வேலை செய்யாவிட்டால் பெயர் எதுவும் வேண்டாம், திரையில் உள்ள முகவரியை அப்படியே வாசித்துச் சொன்னால் போதும். அழைப்பவர் சொல்ல வேண்டியவற்றைப் பி-17 அழைப்பின் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்: சுவர்க் குறி, வயர், விளக்கு, மற்றவர்களின் நிலை.

அடுத்த மேசைக் குதையில் செருகிப் பார்ப்பதை இப்போதைக்கு எடுத்துவிட்டேன். தங்கள் அலுவலகச் சுவிட்சில் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் கேட்டுச் சொன்னால், எங்கெங்கே அதைச் சேர்க்கலாம் என்று பார்க்கலாம்.