கலைச்சொல் வேண்டும்: டெஸ்டினி பிலீஃப், குரோத் பிலீஃப்

தஞ்சாவூர், மொழிபெயர்ப்பாளர்:
உறவு உளவியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். ரேமண்ட் நீ (பெயரே அப்படித்தான்) 1998-ல் சொன்ன இரண்டு நம்பிக்கைகளில் மாட்டிக்கொண்டேன். டெஸ்டினி பிலீஃப் என்றால், ‘இவர் எனக்கானவரா இல்லையா என்பது முன்பே முடிவானது, சீக்கிரமே தெரிந்துவிடும்’. குரோத் பிலீஃப் என்றால், ‘சிக்கல்களைத் தீர்க்கத் தீர்க்கத்தான் உறவு உருவாகும்’. ‘விதி நம்பிக்கை’, ‘முயற்சி நம்பிக்கை’ சரியா?

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
எதிர்ச்சொற்களாக அழகாக இருக்கிறது தம்பி. ஒன்றை நம்புகிறவன் மற்றதை நம்பமாட்டான். ஆனால் நம்மிடமே சொல் உண்டு. தொல்காப்பியக் களவியலில் ‘பாலது ஆணையின்’தான் தலைவனும் தலைவியும் காண்கிறார்கள். அந்தப் பால் ஊழ்தான். ‘பால் நம்பிக்கை’ என்று வையுங்கள்.

திருவாரூர், உளவியல் பேராசிரியை:
ஐயா, மாணவர்கள் அதை ஆண்பால் பெண்பால் என்றுதான் படிப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், இவை எதிரெதிர் அல்ல. ரேமண்ட் நீ இரண்டையும் தனித்தனியாக அளந்தார். ஒருவருக்கு இரண்டுமே கூடுதலாக இருக்கலாம்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், கணவர் ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றிச் சண்டை என்று வையுங்கள். முதல் நம்பிக்கை மட்டும் உள்ள மனைவி ‘அப்போ இவர் எனக்கானவர் இல்லையோ’ என்று சண்டையையே தீர்ப்பாக்கிவிடுவார். இரண்டும் உள்ளவர் ‘இவர்தான் எனக்கானவர், பணத்தைப் பேசித் தீர்ப்போம்’ என்பார்.

‘விதி’யும் பொருந்தாது. நாம் ‘எல்லாம் விதி’ என்றால் சகித்துக்கொண்டு இருக்கிறோம் என்று அர்த்தம். அந்த ஆய்விலோ, முதல் நம்பிக்கை மிகுந்தவர்கள் தொடக்கத்தில் திருப்தி இருந்தால் நீடித்தார்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் விலகினார்கள். அவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் காதலர்கள் என்பதையும் பாடத்தில் சொல்லுங்கள். எளிதில் விலக முடியாத நம் கல்யாணத்துக்கு அதை அப்படியே நீட்ட முடியாது.

மயிலாடுதுறையிலிருந்து ஓர் அம்மா:
என் பெண்ணுக்கு வந்த ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். திருமணஞ்சேரிக்கும் போய் வந்தோம். இன்னும் அமையலை. இதில் எதை நம்பினால் நல்லது?

தஞ்சாவூர், மொழிபெயர்ப்பாளர்:
அதற்கு எனக்குப் பதில் தெரியாதும்மா. ஆனால் சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள். வரன் ‘அமைவது’! ‘அமைவு நம்பிக்கை’ என்று வைத்தால்?

நாகப்பட்டினம், நூலகர்:
எனக்குச் சம்மதம். ‘எனக்கானவர்’ என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘சோல்மேட்’ எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வரி சேருங்கள். பிளேட்டோவின் ‘விருந்து’ நூலில் அரிஸ்டோஃபனீஸ் சொல்லும் கதை: முழு உருண்டையாக இருந்த மனிதர்களை ஜீயஸ் இரண்டாக வெட்டினார், பாதி தன் பாதியைத் தேடுகிறது. சொன்னவர் நகைச்சுவை நாடகக்காரர் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல் கோல்ரிட்ஜ் 1822-ல் எழுதிய கடிதத்தில் வருகிறது. அவர் கேட்டது குடும்பம் நடத்தும் துணையோடு ஆன்மத் துணையும்.

திருவாரூர், உளவியல் பேராசிரியை:
அமைவு நல்ல சொல். மற்றதற்கு ‘வளர்ச்சி’ வேண்டாம், அது தானாக நடப்பதுபோல ஒலிக்கிறது. ‘வளர்ப்பு நம்பிக்கை’?

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வளர்ப்பு மகன், வளர்ப்பு நாய்! ‘பேணல் நம்பிக்கை’ என்பேன். ‘பால்’ போனதில் எனக்கு வருத்தம்தான்.

திருவாரூர், உளவியல் பேராசிரியை:
பேணுவது இருப்பதைக் காப்பது ஐயா. இங்கே இல்லாததை உண்டாக்க வேண்டும்.